செயலியில் தெரிந்த நிறம் தலையில் ஏன் வரவில்லை?

"செயலியில் என் படத்துக்கு ஆஷ் பிரவுன் அழகாக இருந்தது. சேலத்தில் பார்லரில் போட்டால் செம்பட்டையாகத்தான் தெரிகிறது, ஏன்?"

செயலி உங்கள் முடியின் மேல் நிறத்தைப் பூசிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அடியில் உள்ள கருமையை அது கணக்கில் எடுப்பதில்லை. முடி நிறத்தின் அடர்த்தியை 1 (கருப்பு) முதல் 10 (வெளிர் பொன்) வரை அளப்போம். நம் ஊர் முடி பெரும்பாலும் 1 அல்லது 2. செயலியில் பார்த்த ஆஷ் பிரவுன் 7 இருக்கும். 6% ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள டெவலப்பருடன் கலந்த சாயம் ஒன்றிரண்டு படிதான் வெளுக்கும். ஆக 4க்கு மேல் போகாது. அந்தப் படியில் முடிக்குள்ளிருக்கும் சிவப்பு வெளியே வந்துவிடும். ஆஷின் சாம்பல் சாயை அதை அடக்கப் போதாது. நீங்கள் பார்க்கும் செம்பட்டை அதுதான்.

7 வேண்டுமென்றால் முதலில் பிளீச் செய்து ஆரஞ்சு தெரியும்வரை வெளுக்க வேண்டும், பிறகே ஆஷ். ஏற்கெனவே கருப்புச் சாயம் போட்ட முடியை வெறும் சாயத்தால் வெளுக்கவே முடியாது. மருதாணி போட்டிருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை காதுக்குப் பின்னால் நாலு முடி வெட்டி, 5 கிராம் சாயத்தை டப்பாவில் சொன்ன அளவு டெவலப்பரில் கலந்து, குறித்த நேரம் ஊறவைத்து அலசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஈரத்திலும் கடை விளக்கிலும் நிறம் இருட்டாகவே தெரியும்.