பழைய தையலைப் பொறுத்தது
"முதல் பிள்ளை சிசேரியன். இரண்டாவதும் வெட்டித்தான் எடுக்க வேணுமா?"

கட்டாயமில்லை, தங்கச்சி. நிலாவெளியில் இருக்கும் என் மச்சாளுக்கும் இதே நிலைதான். முதல் பிள்ளை தலை திரும்பாமல் இருந்ததால் வெட்டினார்கள். இரண்டாவது முறை கிளினிக்கில் டொக்டர் முதலில் கேட்டது பழைய ஆஸ்பத்திரி அட்டையைத்தான். வயிற்றுத் தழும்பு குறுக்கே இருந்தாலும் கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பது அந்த அட்டையில்தான் இருக்கும். கீழே குறுக்காக என்றால் முயலலாம், மேல்நோக்கி நெடுக்காக என்றால் பெரும்பாலும் சிசேரியன்தான். நச்சுக்கொடி கர்ப்பப்பை வாசலை மூடியிருந்தாலும் அப்படியே.

முயல்பவர்களில் நாலில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவமாகும். கர்ப்பப்பையின் பழைய தையல் பிரிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. மருந்து கொடுத்து வலி வரவைத்தால் அந்த ஆபத்து கூடும். அதனால் மச்சாளுக்குத் தானாக வலி வரும்வரை பார்த்தார்கள். வராவிட்டால் வெட்டவும் ஒரு நாள் குறித்திருந்தார்கள், அதுவும் 39 வாரம் முடிந்த பிறகு. முந்தினால் பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வரலாமாம்.

வலி தொடங்கியதும் வீட்டில் பொறுத்திருக்கவில்லை, நேரே தியேட்டரும் இரத்தமும் தயாராக இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனா. பிள்ளையின் இதயத்துடிப்பை விடாமல் பார்த்தார்கள். அது இறங்குவதுதான் தையல் பிரிவதற்குப் பெரும்பாலும் முதல் அறிகுறி. வலி விட்ட இடைவெளியிலும் தழும்பு நோகிறதா என்றும் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் சுகப்பிரசவம்தான்.