'ஒரு மரபணு, ஒரு புரதம்' என்று இனி எழுதிப் போட மாட்டேன்

பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். 'ஒரு மரபணு, ஒரு புரதம்' என்ற வரியை நானே பல வருடம் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த வருடம் அதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் அதை விதியாகவே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக CALCA என்ற ஒரே மரபணுவை எடுத்துக் காட்டுகிறேன்.

இந்த மரபணுவில் ஆறு எக்ஸான்கள், அதாவது கடைசி ஆர்.என்.ஏ.வில் ஒட்டிவைக்கப்படும் துண்டுகள். செல் முதலில் ஆறையும், பிறகு வெட்டி எறியப்படும் இடைத்துண்டுகளான இன்ட்ரான்களையும் சேர்த்தே நீளமான ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. பிறகுதான் வெட்டலும் ஒட்டலும். தைராய்டின் சி செல்களில் 1, 2, 3, 4 என்று ஒட்டி, நான்காவதோடு ஆர்.என்.ஏ. முடிந்துவிடும். அதிலிருந்து வருவது கால்சிடோனின், 32 அமினோ அமிலங்கள், இரத்தத்தில் கால்சியத்தைக் குறைக்கும் ஹார்மோன். நரம்புச் செல்களிலோ நான்காவதைத் தாண்டி 1, 2, 3, 5, 6 என்று ஒட்டுகிறது. இதிலிருந்து வருவது சி.ஜி.ஆர்.பி., 37 அமினோ அமிலங்கள், இரத்தக் குழாயை விரிக்கும். இரண்டுமே முதலில் நீண்ட முன்புரதமாகத்தான் பிறக்கின்றன. முன்பகுதி இரண்டிலும் ஒன்றுதான். பிறகு நொதிகள் நறுக்கித்தான் இந்த அளவுக்கு வருகின்றன.

ஏன் நான்காவது மட்டும் தாண்டப்படுகிறது? அதன் தொடக்கத்தில் 'இங்கே ஒட்டு' என்று சொல்லும் குறி வலுவற்றது. அதைப் பிடித்துக்கொள்ள உதவும் புரதங்கள் எந்தச் செல்லில் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. அதனால் இது முழுக்கப் போடும் அல்லது முழுக்க அணைக்கும் சுவிட்சு அல்ல. சி செல்லிலும் கொஞ்சம் சி.ஜி.ஆர்.பி. வகை ஆர்.என்.ஏ. இருக்கத்தான் செய்யும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் இன்னொரு தவறான விதியை மனப்பாடம் செய்வார்கள்.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இரத்தத்துல டி.என்.ஏ. பார்த்தா எந்த வகைன்னு தெரியுமா?" தெரியாதும்மா. டி.என்.ஏ. எல்லாச் செல்லிலும் ஒன்றுதான். அந்தத் திசுவின் ஆர்.என்.ஏ.வை எடுத்து, அதன் டி.என்.ஏ. நகலான சி.டி.என்.ஏ. ஆக்கி, பி.சி.ஆர். முறையில் பெருக்கவேண்டும். பெருக்கும் பகுதியின் இரு எல்லைகளையும் குறிக்கும் பிரைமர்களில் ஒன்று மூன்றாவது எக்ஸானில், மற்றது நான்கில். அடுத்த குழாயில் மூன்றும் ஐந்தும். ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது எதில் பட்டை அழுத்தமாக வருகிறதோ, அந்த வகைதான் அங்கே அதிகம்.

எங்கள் அக்காவுக்கு மைக்ரேன். தலைவலி வரும்போது முகத்து உணர்வைக் கொண்டுசெல்லும் டிரைஜெமினல் நரம்பின் முனைகளிலிருந்து சி.ஜி.ஆர்.பி. வெளிப்படுகிறது. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் ஊசி அதன் ஏற்பியை அடைக்கிறது. "அப்ப என் கால்சிடோனினையும் நிறுத்திடுமாடி?" என்று அக்கா பயந்தாள். ஊசி மரபணுவைத் தொடுவதே இல்லை. கால்சிடோனினின் ஏற்பி வேறு. காகிதத்தில் ஆறு கட்டம் வரைந்து, நான்காவதைத் தாண்டி ஒரு கோடு போட்டுக் காட்டினேன். "அட, நாலாவதைத் தாண்டுறதுலதான் எல்லாமா?" என்று கேட்டுவிட்டு அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.