ரியூபின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்

இந்த மாதத்தில் மட்டும் நான்காவது தடவையாக அதே படம் என் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. நீர்வர்ண ரியூப் ஒன்றின் முன்பக்கம், அதன் மேல் விழுந்த வெளிச்சத்தின் பளபளப்பு, ஓரத்தில் பிடித்திருப்பவரின் பெருவிரல், அதற்குக் கீழே “சேர், இது ஓவியர் தரமா, மாணவர் தரமா? இன்றைக்கே காசு அனுப்பச் சொல்லுகிறார்கள்” என்ற கேள்வி. திருகோணமலையில் பல வருடங்களாக வீட்டில் வைத்து நீர்வர்ணம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு, இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் மீது துளியும் கோபமில்லை. தரம் எழுதப்பட்டிருக்கும் பக்கத்தை மறைத்து, எழுதப்படாத பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போட்டு விற்பவர்கள் மீதுதான் என் கோபமெல்லாம்.

ரியூபின் முன்பக்கத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. “ஆர்ட்டிஸ்ட்” என்றோ “புரொபெஷனல்” என்றோ யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். ஓவியர் தரத்தில் நிறம் கொடுக்கும் தூளான நிறமி கூடவும், மாணவர் தரத்தில் குறைவாகவும் இருக்கும். ஆனால் இவ்வளவு நிறமி இருந்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம் என்று கட்டாயப்படுத்தும் பொது அளவுகோல் எதுவும் இல்லை. அங்கே பெரிய எழுத்தில் இருக்கும் “கோபால்ட் ப்ளூ”, “கட்மியம் ரெட்” போன்றவையும் நிறத்தின் விற்பனைப் பெயர்களே தவிர, உள்ளே இருக்கும் பொருளின் பெயர்கள் அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது பின்பக்கத்தில், பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு மேல் இல்லாத எழுத்தில் அச்சாகியிருக்கும் நிறமிக் குறியீடுதான். PB28 என்றால் உண்மையான கோபால்ட் நீலம். PB29 என்றால் அல்ட்ராமரீன். PB15 என்றால் தலோ நீலம். முதல் P நிறமியைக் குறிக்கும், B நீலத்தைக் குறிக்கும், எண் அந்தப் பொருளுக்கு உலகம் முழுவதும் வழங்கும் வரிசை இலக்கம். எந்தக் கம்பனியின் ரியூபாக இருந்தாலும் PB28 என்றால் ஒரே பொருள்தான்.

என் மாணவி ஒருத்தியின் தாய், சென்ற வருடம் இப்படியொரு படத்தைத்தான் அனுப்பினார். நீல ரியூப், முன்பக்கம் “கோபால்ட் ப்ளூ”, விற்பவர் எழுதியிருந்த வாசகம் “ஓவியர் தரம், வெளிநாட்டிலிருந்து வந்தது”, விலை 4500 ரூபா. பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று சொன்னேன். அவர் கேட்டார். முன்பக்கத்தையே இன்னும் கிட்ட வைத்து எடுத்த வேறொரு படம் வந்தது. திரும்பவும் கேட்கச் சொன்னேன். “வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள், வேண்டுமென்றால் எடுங்கள்” என்று பதில் வந்ததாம். பாவம், பிள்ளையின் சித்திரம் கெட்டுவிடக்கூடாதே என்ற அவசரத்தில் அந்தத் தாய் காசை அனுப்பிவிட்டார்.

ரியூப் கைக்கு வந்தபோது, அதன் பின்பக்கத்தில் குறியீடு இருக்க வேண்டிய இடத்தை மிகச் சரியாக மூடியபடி ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேல் இரண்டு துளி தேங்காய் எண்ணெயைத் தடவி, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, நகத்தால் மெதுவாக ஓரத்திலிருந்து உரித்தேன். அச்செழுத்து அழியாமல் கீழே இருந்தது: PB29, PB15:3, PW6. அதாவது அல்ட்ராமரீனோடு தலோ நீலத்தைக் கலந்து, அது கோபால்ட்டின் மென்மையான சாயலுக்கு வரும்வரை டைட்டேனியம் வெள்ளையைச் சேர்த்திருக்கிறார்கள். கோபால்ட் ஒரு துளிகூட இல்லை. நிறமியின் பெயரைச் சொல்லி அந்த நிறமி இல்லாமல் விற்கும்போது, நேர்மையான தயாரிப்பாளர்கள் நிறப்பெயரின் பின்னால் “ஹியூ” என்று போடுவார்கள். இந்த ரியூபில் அந்தச் சொல்லும் இல்லை.

நிறம் ஒன்றுபோல இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோணேசர் கோயில் மலையின் அடிவாரத்தில் கடல் வந்து மோதும் காட்சியை அவள் வரைந்துகொண்டிருந்தாள். பாறையில் உடையும் நுரையை, நீலம் காய்ந்த பின் ஈரத் தூரிகையால் தேய்த்து எடுத்து, கடதாசியின் வெண்மையை மீட்டு வரையும் முறையை நான்தான் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். கோபால்ட் நீலம் கடதாசியின் இழையை அதிகம் பற்றாது. தண்ணீர் தொட்டால் பெருமளவு எழுந்து வந்துவிடும். தலோ நீலம் அப்படியல்ல. அது மிக நுண்ணிய துகள். இழைக்குள் இறங்கிக் கறைபோலப் பிடித்துக்கொள்ளும். அவள் தேய்த்தாள், ஒற்றினாள், மறுபடி தேய்த்தாள். கடதாசியின் மேற்பரப்பு பஞ்சுபோல எழும்பியதே தவிர, நுரை இருக்க வேண்டிய இடத்தில் பச்சை கலந்த வெளிர் நீலம் அப்படியே நின்றது. டைட்டேனியம் வெள்ளையினால் கடலும் தெளிவிழந்து, சுண்ணாம்பு கரைத்த தண்ணீர்போல மங்கிப்போனது. மூன்று வாரமாக வரைந்த படம் அது. தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து அந்தப் பிள்ளை அழுததை என்னால் மறக்க முடியவில்லை. அவளுடைய கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஆனால் குறியீட்டைப் பார்த்தவுடன் எல்லாம் விளங்கிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். படத்தை வைத்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று, சொல்லவே முடியாதது ஒன்று என இரண்டு உண்டு. கோபால்ட், கட்மியம், செருலியன் போன்ற விலையுயர்ந்த நிறமியின் பெயரைப் போட்டுவிட்டு, பின்னால் மலிவான இரண்டு மூன்று நிறமிகளின் கலவை இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அதை ஓவியர் தரத்துக் கோபால்ட் என்றோ கட்மியம் என்றோ ஏற்க வேண்டியதில்லை. அல்ட்ராமரீன் அப்படியல்ல. அது 19ஆம் நூற்றாண்டிலிருந்து செயற்கையாகச் செய்யப்படும் மலிவான நிறமி என்பதால், மாணவர் ரியூபிலும் ஓவியர் ரியூபிலும் அதே PB29தான் இருக்கும். காவி, மண் நிறங்களும் பெரும்பாலும் இப்படியே. அங்கே வேறுபடுவது நிறமியின் அளவு. மாணவர் தரத்தில் நிறமி குறைந்து, பசையும் நிரப்புப் பொருளும் கூடியிருக்கும். அந்த அளவை எந்த ரியூபிலும் அச்சிடுவதில்லை, எந்தக் கமெராவும் காட்டாது. அரிசிமணி அளவு வர்ணத்தை வெள்ளைக் கோப்பையில் வைத்து, தரம் தெரிந்த இன்னொரு ரியூபிலிருந்து அதே அளவை அருகில் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே PB29 ரியூபின் படத்தை அனுப்பி “தரம் என்ன” என்று கேட்டால், படத்தில் தெரியாது என்பதுதான் என் நேர்மையான பதில். அதே படத்தைப் பார்த்து “ஓவியர் தரம்தான், நிறத்திலேயே தெரிகிறது” என்று உறுதி கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. கைப்பேசித் திரையில் தெரியும் நீலம், அந்தக் கைப்பேசி தன் கணக்குக்கு மாற்றிக் காட்டும் நீலம்.

தயாரிப்பு வரிசை தெரிந்தால் விடயம் இன்னும் இலகுவாகும். உதாரணமாக வின்சர் அண்ட் நியூட்டன் கம்பனியின் மாணவர் வரிசைக்குக் கொட்மன் என்று பெயர். அதன் ரியூப்கள் 8 மில்லிலீற்றரிலும் 21 மில்லிலீற்றரிலும் வரும். அதே கம்பனியின் ஓவியர் வரிசை 5, 14, 37 மில்லிலீற்றர் அளவுகளில் வருவதோடு, நிறமியின் விலைக்கேற்ற “சீரிஸ்” இலக்கமும் ரியூபில் இருக்கும். எனவே கம்பனிப் பெயரை மட்டும் காட்டி “பெரிய கம்பனி, ஓவியர் தரம்” என்று விற்பது பாதி உண்மை. கொட்மன் மோசமான வர்ணம் என்று நான் சொல்லவில்லை, என் வகுப்பில் தொடக்கத்தில் பிள்ளைகள் அதைத்தான் பாவிக்கிறார்கள். அதை அதன் பெயரிலும் அதன் விலையிலும் விற்றால் யாருக்கும் முறைப்பாடு இல்லை.

படம் அனுப்புபவர்களிடம் நான் கேட்பது சின்ன விடயம். ரியூபைத் துடைத்துவிட்டு, நேர் வெயிலில் அல்லாமல் விறாந்தை நிழலில் வையுங்கள். எங்கள் ஊர் நண்பகல் வெயில் உலோகத்தில் பட்டால் எழுத்து முழுவதும் வெண்மையாகிவிடும். கைப்பேசியை மிகக் கிட்டக் கொண்டுபோனால் குவியம் தப்பிவிடும். சற்றுத் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெருக்கி எடுங்கள். குறியீடு பின்பக்கத்தின் நடுவில் இல்லாவிட்டால், அடிமடிப்புக்கு அருகிலும் பாருங்கள். பிறகு அதை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, PB28இன் 8உம் PB29இன் 9உம் ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். அந்த ஒரு எழுத்தில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

தூரிகைப் படங்களைப் பற்றி ஒரே ஒரு விடயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் இதே ஏமாற்றுத்தான் நடக்கிறது. புதிய தூரிகையின் நுனியைப் பசையில் தோய்த்துக் கூர்மையாக்கிக் காயவைத்துத்தான் விற்பனைக்கு அனுப்புவார்கள். அந்தக் கூர்மையைப் படமெடுத்துப் போட்டு, அசல் சேபிள் முடி என்று சொல்வதில் அர்த்தமேயில்லை. பசை கழுவப்பட்டு, ஒரு தரம் தண்ணீரில் தோய்த்து உதறிய பிறகும் மயிர் தானாக ஒரு முனையில் கூடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதைப் படமாக அனுப்பிய விற்பனையாளர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

இங்கே கடை வைத்திருப்பவர்களையும், கைமாறிய வர்ணப் பெட்டிகளை இணையத்தில் விற்பவர்களையும் நேராகவே கேட்கிறேன். நீங்கள் விற்பது மாணவர் தரம் என்றால் அப்படியே எழுதுங்கள். வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். முன்பக்கத்துக்கு ஒரு படம் எடுக்கும் நேரத்தில் பின்பக்கத்துக்கும் ஒன்று எடுக்கலாம். விலைச்சீட்டை ஒட்டத்தான் வேண்டுமென்றால் ரியூபின் மூடி மேல் ஒட்டுங்கள். ஐந்து மில்லிலீற்றர் ரியூபின் மூடியிலும் அதற்கு இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன்.