காசநோய் மரணமும் முதுமையும்

பரவும் கூற்று: “காசநோய் மரண விகிதம் முதியவர்களிடமே அதிகம், எனவே வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.”

இது தவறான முடிவு. ஒரே ஆண்டின் வயதுவாரி மரண அட்டவணையில் இருக்கும் முதியவர்கள், நோய் மிகப் பரவலாக இருந்த காலத்தில் பிறந்து, இளமையிலேயே தொற்றுக்கு ஆளான தலைமுறையினர் என்பதை அது மறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1880 முதல் 1930 வரையிலான மரணப் பதிவுகளைப் பிறப்புத் தலைமுறைவாரியாகத் தொடர்ந்து பார்த்த தொற்றுநோயியல் அறிஞர் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்டின் ஆய்வு, அவர் மறைவுக்குப் பின் 1939இல் வெளிவந்தது. 1930இன் அட்டவணை முதிய வயதில் உச்சத்தைக் காட்டினாலும், 1880இல் பத்து வயதுக்குட்பட்டிருந்த தலைமுறையில், மழலைப் பருவ மரணங்களை விட்டுவிட்டால், உச்சம் இருபதுகளில்தான் இருந்தது. அதன்பின் விகிதம் இறங்கியது. ஆயினும், பிறந்த ஆண்டுடன் வயதைக் கூட்டினால் மரணம் நிகழும் ஆண்டு, அதாவது காலகட்டம், கிடைத்துவிடுவதால், வயது, காலகட்டம், தலைமுறை ஆகிய மூன்றின் நேர்கோட்டுப் போக்குகளையும் எண்களை மட்டும் கொண்டு முழுமையாகப் பிரிக்க இயலாது; தொற்று பரவிய வரலாறு போன்ற வெளிச்சான்றும் தேவை.