லேபிள் சரியாக இருந்தாலும் பேட்டரியின் ஓரங்களைப் பாருங்கள்

“விற்பவர் அனுப்பிய போட்டோவில் லேப்டாப் பேட்டரியின் லேபிள் அசல் மாதிரியே இருக்கிறது. நம்பி வாங்கலாமா?”

முதலில் லேபிளில் உள்ள எண்களைப் பெருக்கிப் பாருங்கள். எனக்கு வந்த ஒரு போட்டோவில் 11.1 வோல்ட், 5200 மில்லி ஆம்பியர் ஹவர், 48 வாட் ஹவர் என்று அச்சாகியிருந்தது. 5200 மில்லி ஆம்பியர் ஹவர் என்பது 5.2 ஆம்பியர் ஹவர். 11.1 × 5.2 என்றால் கிட்டத்தட்ட 58 வாட் ஹவர் வர வேண்டும். ஒன்றிரண்டு வித்தியாசம் சகஜம், பத்து வராது. 48 என்பது 4400-க்கு வரும் கணக்கு; பழைய 4400 லேபிளில் ஓர் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தாலும் போதாது. அசல் பேட்டரியின் பெட்டியையே பிளந்து, உள்ளே பழைய செல்களை வைத்து மூடுவதும் உண்டு. அதில் லேபிள் நிஜமானதுதான், பெட்டியின் இரு பாதிகள் சேரும் மூட்டுதான் காட்டிக்கொடுக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நான்கு ஓரங்களையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூட்டுக் கோடு ஒரே அகலத்தில் ஓட வேண்டும். நெம்பிய பள்ளம், மூலையில் பிதுங்கிய பசை, ஒரு பக்கம் மட்டும் தூக்கிய விளிம்பு தெரிந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம், கனெக்டரை நேர் எதிரே எடுத்த படமும் கேளுங்கள். அதன் உலோகப் பின் வளைந்திருந்தாலோ, துளைகளின் ஓரம் பிசிறாக இருந்தாலோ வேண்டாம். அடாப்டருக்கும் இதே சோதனைதான்: அவுட்புட் வோல்ட்டை அவுட்புட் ஆம்பியரால் பெருக்கினால் லேபிளில் உள்ள வாட் வர வேண்டும்.