ஒன்றுவிட்டு ஒன்று அனுப்பினால் அது பாய்சான் அல்ல

“மணிக்கு 60 அழைப்புகள், ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வரும் பாய்சான் வருகை. இரண்டு கவுன்ட்டருக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பினால் தலா 30, அதுவும் பாய்சான்தானே?”

சராசரி 30 சரி, பாய்சான் தவறு. ஒவ்வோர் அழைப்புக்கும் நாணயம் சுண்டி அனுப்பினால்தான் அப்படி அமையும். முறைவைத்து அனுப்பினால், ஒரு கவுன்ட்டரின் இரு அழைப்புகளுக்கு நடுவே மற்றதற்கு ஒன்று வந்தே தீரவேண்டும். நெருக்கியடித்து வருவது குறைகிறது. ஓர் அழைப்பு வந்த அரை நிமிடத்துக்குள் அதே கவுன்ட்டருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு, சுண்டினால் ஏறத்தாழ 22 சதவீதம். முறைவைத்தால் வெறும் 9. பாய்சான் சூத்திரத்தைப் போட்டால் காத்திருப்பை மிகையாகத்தான் கணக்கிடுவீர்கள்.

இன்னொருவர், இரண்டு கவுன்ட்டர்களின் அழைப்புகளையும் சேர்த்தால் பாய்சான் வருகிறதே என்கிறார். வரும்தான். வெட்டியதை ஒட்டினால் பழையதே கிடைக்கும். துண்டுகளைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது. வங்கியில்போல் காலியான கவுன்ட்டருக்கு அனுப்பினால் கணக்கு வேறு: அங்கே பிரிவது சேவை நேரத்தையும் பொறுத்தது.