"புதியது முதலில்" என்று ஒரு பச்சைப் பொய்

எங்கள் அலுவலகத்தில் "எல்லாவற்றிலும் தேடு" என்று ஒரு பெட்டி இருக்கிறது. புகார்ப் பதிவுகள், மின்னஞ்சல் காப்பகம், பராமரிப்புக் குறிப்புகள், அறிவிப்புப் பலகை என நான்கும் தனித்தனி சர்வர்கள். கேள்வியை ஒரு தடவை தட்டினால் நான்குக்கும் போய், வந்த பதில்களை ஒரே பட்டியலாகக் கோத்துக் கொடுக்குமாம். கோக்கிற லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நேற்று "பம்பு கசிவு" என்று தேடினேன். முந்தின நாள் பதிவான ஒரு புகார் அவசரமாக வேண்டும். முதல் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்ன தெரியுமா? வண்டி நிறுத்துமிடத்தில் மழைத் தண்ணீரை பம்பு வைத்து இறைக்கிறோம், சுற்றிப் போகவும் என்று மூன்று வருடத்துக்கு முந்தைய அறிவிப்பு!

அது எப்படி முதலிடம் பிடித்தது என்று நோண்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சர்வரும் தன் போக்கில் மதிப்பெண் போடுகிறது. புகார்ப் பதிவில் முதல் பதிலுக்கு 31, இருபதாவதற்கு 9. அந்த அறிவிப்புக்கு வெறும் 0.4. இரண்டும் வேறு வேறு அளவுகோல், நேரடியாக ஒப்பிட முடியாது என்பது சரிதான். அதனால் ஒவ்வொரு சர்வரின் பதில்களையும் 0 முதல் 1 வரை சுருக்கியிருக்கிறார்கள். அதன்படி 24 மதிப்பெண் வாங்கிய நல்ல புகார் (24−9)/(31−9), அதாவது 0.68 ஆகிறது. அறிவிப்புப் பலகையிலிருந்து வந்ததோ ஒரே ஒரு பதில். அதில் பெரியதும் அதுதான், சிறியதும் அதுதான், கழித்தால் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாதே என்று யாரோ புண்ணியவான் "அப்படி வந்தால் 1 போட்டுவிடு" என்று எழுதி வைத்திருக்கிறார். வகுப்பில் ஒரே பையன் என்றால் அவன்தான் முதல் ரேங்க்.

சுருக்காமல் விட்டு, நான்கு சர்வரும் ஒரே முறையில் மதிப்பெண் போட்டிருந்தாலும் தப்பித்திருக்க மாட்டோம். அந்தந்த சர்வரில் அபூர்வமாக வரும் சொல்லுக்குத்தான் எடை அதிகம் போடுவார்கள். புகார்ப் பதிவில் எதைத் திறந்தாலும் பம்புதான், ஆகவே அங்கே அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை. அறிவிப்புப் பலகையில் அது அபூர்வம், ஒரு தடவை வந்தாலே எடை கூடிவிடும். விஷயம் எங்கே குவிந்து கிடக்கிறதோ அங்கேதான் சொல் மலிவாகிறது.

மதிப்பெண்ணே வேண்டாம், இடத்தை மட்டும் பார்த்து 1/(60+இடம்) என்று போட்டுக் கூட்டலாம் என்று இன்னொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒரே ஆவணம் பல பட்டியல்களில் வந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். எங்கள் நான்கு சர்வர்களில் பொதுவாக ஒரு தாள்கூடக் கிடையாது. அப்புறம் என்ன, ஆளுக்கொன்றாகச் சீட்டுப் போடுகிற மாதிரி மாற்றி மாற்றி வரும். குப்பையின் முதலிடமும் நல்லதின் முதலிடமும் சமம்.

சரி போகட்டும், தேதிப்படி பார்த்துக்கொள்வோம் என்று "புதியது முதலில்" பொத்தானை அழுத்தினேன். முதலில் வந்தது ஐந்து மாதத்துக்கு முந்தைய புகார். முந்தின நாள் புகார் மருந்துக்கும் இல்லை. பதிவே ஆகவில்லை போல என்று நம்பி, அனுப்பியவரிடம் போய்க் கத்தியும் விட்டேன். (மன்னிப்பு கேட்டாயிற்று.)

நடந்தது இதுதான். ஒவ்வொரு சர்வரும் தனக்குப் பொருத்தமாகப் பட்ட முதல் 20 பதில்களைத்தான் அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் கைக்கு வந்ததை மட்டும் தேதிப்படி அடுக்குகிறார்கள். என் புகார் அதன் சர்வரில் 34-வது இடத்தில் இருந்தது. அது கிளம்பவே இல்லை, பிறகு எந்த வரிசையில் தேடி என்ன பயன்? பொத்தானை அழுத்தியதும் நான்கு சர்வரிடமும் திரும்பப் போய் "தேதிப்படி முதல் 20 கொடு" என்று கேட்டிருந்தால் முடிந்தது. நாலு பேரும் அவரவர் புதியதைத் தந்தால் கோத்த பட்டியலின் முதல் 20 தப்பாகவே முடியாது. ஒரு தடவை கூடுதலாகக் கேட்கச் சோம்பல்!

இதில் இன்னொரு கூத்து. காலையில் அதே தேடலுக்கு "மொத்தம் 61" என்றது, ஐந்து நிமிடம் கழித்து 41. இடையில் யாரும் எதையும் அழிக்கவில்லை. மின்னஞ்சல் சர்வர் மூன்று நொடிக்குள் பதில் சொல்லவில்லை, அதனால் அதை விட்டுவிட்டுப் பட்டியலைக் காட்டிவிட்டது. காத்திருக்க முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மின்னஞ்சல் பதில் தரவில்லை" என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? வராதவனையும் இல்லாதவனையும் ஒன்றாக்கி, முழுப் பட்டியல் மாதிரி நீட்டுகிறது.

இப்போது நான் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. நான்கு ஜன்னலைத் திறந்து நான்கு தடவை தட்டுகிறேன்.